வர இயலாது, ஆனால் இவரைக் கூப்பிடுங்கள்

போன வருடம் ஜூலைக் கடைசியில் வேளச்சேரியிலிருந்து ஒருவர் போன் செய்தார். நாற்பத்தெட்டு வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் அவர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. ஆகஸ்ட் கடைசி ஞாயிறு மாலை கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு ஒரு கூட்டம் வைக்கிறோம், நீங்கள் வந்து பேச வேண்டும் என்றார். தலைப்பையும் அவரே வைத்திருந்தார்: வேளச்சேரியில் மழைநீர் ஏன் தேங்குகிறது, நம் குடியிருப்பில் என்ன செய்யலாம்.

நான் பள்ளியில் புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சென்னையின் பழைய ஏரிகளைப் பற்றிப் பேசுவேன். தியாகராய நகர் இன்று இருக்கும் இடத்தில் மாம்பலம் ஏரி இருந்தது. 1923-ல் அதை வற்றவைத்து நகர் அமைக்கத் தொடங்கினார்கள். ஏரிக்கரை எங்கே போயிற்று, நுங்கம்பாக்கத்தில் ஒரு பகுதிக்கு ‘லேக் ஏரியா’ என்று ஏன் பெயர் நின்றுவிட்டது என்று மக்களைக் கூட்டிக்கொண்டு நடந்து காட்டுவேன். 1639 ஆகஸ்ட் 22-ஐ வைத்துச் சென்னை தினம் கொண்டாடுவதால், ஆகஸ்டில் இந்த மாதிரிப் பேச்சுக்கு அழைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். அதனால் ‘வர இயலாது’ என்று சொல்ல வேண்டிய சந்தர்ப்பமும் அந்த மாதத்தில்தான் அதிகம். அதைச் சரியாகச் சொல்ல எனக்குப் பல வருடம் ஆயிற்று. இரண்டு தவறுகள் செய்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

முதல் தவறு ‘பார்க்கலாம்’ என்ற சொல். நம் ஊரில் முகத்துக்கு நேராக மறுப்பது மரியாதை இல்லை என்று பழகியிருக்கிறோம். அதனால் ‘பார்க்கலாம் சார்’, ‘வரப் பார்க்கிறேன்’, ‘ரெண்டு நாள்ல சொல்றேன்’ என்று சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார் என்று நம்புகிறோம். ஒருநாளும் புரிந்துகொள்ள மாட்டார். கூட்டம் நடத்துபவரின் காதில் ‘வரப் பார்க்கிறேன்’ என்றால் ‘வருகிறேன்’ என்றுதான் விழும், ஏனென்றால் அவருக்கு அதுதான் வேண்டும். ஒருமுறை நான் இப்படிச் சொன்ன நான்காவது நாளே என் பெயர் ‘சிறப்புரை’ என்ற வரிக்குக் கீழே அச்சாகி, அழைப்பிதழ் வாட்ஸப்பில் எனக்கே வந்து சேர்ந்தது. தலைமை, முன்னிலை, வாழ்த்துரை எல்லாம் அடுக்கி, நடுவில் பெரிய எழுத்தில் என் பெயர். பேனருக்கும் சொல்லியாயிற்று. அப்போது போய் மறுத்ததில் அந்த மனிதருக்கு நான் கொடுத்த சங்கடம், முதல் நாளே ‘முடியாது’ என்றிருந்தால் வந்திருக்கும் வருத்தத்தைவிடப் பல மடங்கு.

கூட்டம் நடத்துபவருக்குக் கறாரான தேதி ஒன்று உண்டு. அது கூட்டம் நடக்கும் நாள் இல்லை, அழைப்பிதழுக்குப் பெயர் கொடுக்கும் நாள். இப்போதெல்லாம் யாராவது அழைத்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, ‘அழைப்பிதழ் எப்போ போகுது சார்?’ என்பதுதான். அந்த நாளுக்கு முன்னால், முடிந்தால் இரண்டே நாளில், ஆமாம் அல்லது இல்லை என்று ஒரு சொல் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். வேளச்சேரிக்காரர் ‘அடுத்த வாரம் வியாழக்கிழமை மேடம்’ என்றார். ‘நாளை சாயங்காலத்துக்குள் எழுத்தில் அனுப்பிவிடுகிறேன்’ என்று சொல்லி வைத்தேன். அந்த ஒருநாள் எனக்கு எதற்குத் தேவைப்பட்டது என்று பின்னால் சொல்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் தம்பிக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். மறுக்க இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? நம் ஊரில் வீட்டு விசேஷம் என்று சொன்னால் யாரும் மனம் கோணமாட்டார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தபோது, அதை மட்டும் சொன்னால் சரிவராது என்று தோன்றியது. தேதியைக் காரணமாகச் சொன்னால் தேதியை மாற்றுவார்கள். ‘அப்போ அடுத்த ஞாயிறு வச்சுக்கலாம் மேடம், உங்களுக்காகத்தானே’ என்பார்கள். அன்போடு சொல்லும் அந்த வார்த்தைக்குப் பிறகு மறுபடி மறுப்பது மிகவும் கஷ்டம்.

என் உண்மையான தயக்கம் வேறு. அவர் கொடுத்த தலைப்பில் முதல் பாதி எனக்குத் தெரியும். வேளச்சேரி ஏரி எவ்வளவு சுருங்கியது, தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு எந்தப் பக்கமாகப் போகும் என்பதையெல்லாம் வரைபடம் வைத்துச் சொல்வேன். ஆனால் அந்த நாற்பத்தெட்டு வீட்டுக்காரர்களுக்கு வேண்டியது இரண்டாம் பாதி. 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அதன்பின் கட்டிய குடியிருப்பு அது, தொட்டிகள் இருக்கின்றன, ஆனால் மழை வந்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கிறது. ஏன், என்ன செய்வது, எவ்வளவு செலவாகும்? இதற்கு நான் பதில் சொன்னால் படித்ததைச் சொல்வேனே தவிர, கையால் செய்து பார்த்ததைச் சொல்ல மாட்டேன். ஒருவர் எழுந்து ‘எங்க தொட்டியில அடியில களிமண்தான் இருக்கு, என்ன பண்றது?’ என்று கேட்டால் நான் பொதுவாக எதையோ சொல்லி நகர்ந்துவிடுவேன். அவர்கள் அதை நம்பிப் பணம் செலவழிப்பார்கள். ஆகவே எந்தத் தேதியாக இருந்தாலும் அந்தக் கூட்டத்துக்குச் சரியான ஆள் நான் இல்லை. தேதி மாறினாலும் மாறாத காரணம் இதுதான். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், தம்பி கல்யாணத்தை அதற்குப் பின்னால் சொன்னால் போதும்.

அப்படியானால் சரியான ஆள் யார்? எனக்கு உடனே ஞாபகம் வந்தது ஒரு உறைக்கிணறு மேஸ்திரி. 2019-ல் சென்னையில் தண்ணீர் தீர்ந்துபோன அந்தக் கோடையில் எங்கள் தெருவில் மூன்று வீடுகளுக்குக் கிணறு தூர் வாரி, உறை இறக்கிக் கொடுத்தவர். மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, ‘இது தண்ணி குடிக்காதும்மா, இன்னும் நாலடி போனா மணல் வரும்’ என்று சொல்வார். சொன்னபடி வந்தது. வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் நிறைய வேலை செய்திருக்கிறார். அந்த மண்ணோடு அவருக்கு இருக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது.

இங்கேதான் என் இரண்டாவது தவறு குறுக்கே வந்தது. சில வருடம் முன்னால் ஒரு கல்லூரி அழைப்பை மறுத்தபோது, என்னோடு வேலை பார்த்த ஒரு தங்கையின் போன் நம்பரை, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்துவிட்டேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். அவர்கள் அவளைக் கூப்பிட்டது கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால். ‘அக்காவால வரமுடியலையாம், அதனால உங்களைக் கூப்பிடச் சொன்னாங்க’ என்றிருக்கிறார்கள். அவளும் மறுக்கத் தெரியாமல் போய்ப் பேசிவிட்டு வந்தாள். நன்றாகவே பேசினாள் என்று கேள்விப்பட்டேன். ஆனால் ஒரு மாதம் கழித்து என்னிடம் சொன்னாள்: ‘மிச்சச் சோத்தைப் போட்ட மாதிரி இருந்துச்சுக்கா.’ அந்த வார்த்தை இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. அவள் ஆற்றின் போக்கைப் பற்றி என்னைவிட ஆழமாகப் படித்தவள். அவளுடைய தகுதிக்காக அழைத்திருக்க வேண்டிய இடத்துக்கு, நான் விட்ட ஓட்டையை அடைக்கிற ஆளாக அவளை அனுப்பிவிட்டேன்.

அதனால் வேளச்சேரிக்காரரிடம் ஒருநாள் கேட்டது மேஸ்திரியிடம் பேசத்தான். அன்று மாலையே கூப்பிட்டேன். மூன்று விஷயங்களை ஒளிக்காமல் சொன்னேன். முதலில் என்னைத்தான் கேட்டார்கள் என்பதைச் சொன்னேன். இதை மறைத்தால் பிறகு வேறு வாயால் தெரியும், அது இன்னும் மோசம். அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது, என்னிடம் இல்லை, அதனால்தான் உங்களைச் சொல்ல நினைக்கிறேன் என்றேன். மூன்றாவதாக, உங்கள் பெயரை நான் சொன்னாலும் முடிவு அவர்களுடையது, கூப்பிடலாம், கூப்பிடாமலும் போகலாம் என்றேன். இந்தக் கடைசி விஷயம் முக்கியம். நாமாக வாக்குக் கொடுத்துவிட்டால், அவர்கள் வேறு யாரையாவது போட்டுக்கொள்ளும்போது இவர் ஞாயிற்றுக்கிழமையைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

‘எனக்கு மேடை எல்லாம் வராதும்மா’ என்றார் உடனே. எதிர்பார்த்ததுதான். ‘மைக் பிடிச்சுப் பேச வேண்டாம்ணே. அங்க தொட்டி இருக்கு. மூடியைத் திறந்து, இது ஏன் இறங்கலைன்னு அவங்களுக்குக் காட்டணும், அவ்வளவுதான். நீங்க தினமும் செய்யறதுதானே?’ என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், ‘அது முடியும். ஒரு பக்கெட் தண்ணி மட்டும் எடுத்து வைக்கச் சொல்லுங்க’ என்றார். அவர் சம்மதித்துவிட்டார் என்று அந்தப் பக்கெட்டில்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை செயலாளருக்கு அனுப்பிய செய்தியை அப்படியே தருகிறேன். மேஸ்திரியின் பெயரும் நம்பரும் மட்டும் இங்கே இல்லை.

‘வணக்கம் சார். உங்கள் கூட்டத்தில் பேச என்னை அழைத்ததற்கு நன்றி. மூன்று மழைக்காலமாக உங்கள் வளாகத்தில் எந்த மூலையில் எத்தனை மணி நேரம் தண்ணீர் நிற்கிறது என்று குறித்து வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். இவ்வளவு அக்கறையாக வேலை செய்யும் சங்கத்திடமிருந்து அழைப்பு வந்தது எனக்குப் பெருமை.

என்னால் வந்து பேச இயலாது. நீங்கள் கேட்பதில் முக்கியமான பகுதி, தொட்டி ஏன் தண்ணீரை உறிஞ்சவில்லை, அதை எப்படிச் சரிசெய்வது என்பது. அந்த வேலையை நான் செய்து பார்த்ததில்லை. வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நம்பிச் செலவு செய்யும்படியான பதிலை என்னால் தர முடியாது. அன்று தம்பியின் அறுபதாம் கல்யாணத்துக்காக நான் திருக்கடையூரில் இருப்பேன் என்றாலும், காரணம் அது மட்டும் இல்லை. ஆகவே எனக்காகத் தேதியை மாற்ற வேண்டாம்.

இதற்குப் பொருத்தமான ஒருவரைச் சொல்ல விரும்புகிறேன். உறைக்கிணறு மேஸ்திரி. உங்கள் பகுதி மண்ணில் பல வருடம் வேலை செய்தவர். எங்கள் தெருவில் அவர் இறக்கிய மூன்று உறைக்கிணறுகளும் இன்றுவரை நன்றாக இருக்கின்றன. அவரிடம் நேற்றுப் பேசினேன். நீங்கள் அழைத்தால் வரத் தயாராக இருக்கிறார். மேடைப் பேச்சு அவருக்குப் பழக்கம் இல்லை. தொட்டியின் பக்கத்தில் எல்லோரையும் நிற்கவைத்து, அவர் திறந்து காட்டி விளக்குவதுபோல் வைத்தால் நன்றாக இருக்கும். இரண்டு விஷயங்களை முன்கூட்டியே சொல்கிறேன். இது அவருடைய தொழில், அதனால் அன்றைய கூலியும் போக்குவரத்துச் செலவும் கொடுக்க வேண்டும். பின்னால் உங்கள் வளாகத்தில் வேலை வந்தால் அவரும் விலை சொல்லக்கூடும். வேறு இடத்திலும் விசாரித்துக்கொள்வது உங்கள் விருப்பம்.

சரிப்படும் என்று நினைத்தால் நேரடியாக அவரைக் கூப்பிடுங்கள். ஏரியைப் பற்றி மட்டும் ஒரு கூட்டம் வைத்தால் தை மாதத்தில் சந்தோஷமாக வருகிறேன்.’

இதில் ஒவ்வொரு வரியையும் யோசித்துத்தான் எழுதினேன். நன்றி சொல்லும் இடத்தில் ‘தங்கள் மேலான அழைப்புக்கு’ என்று எழுதினால் அது எல்லோருக்கும் போகிற நன்றி. அவர் மூன்று வருடம் தண்ணீர் நின்ற நேரத்தைக் குறித்து வைத்திருந்தார். அதைச் சொன்னால்தான் நான் காது கொடுத்துக் கேட்டேன் என்று அவருக்குத் தெரியும். அதற்கு அடுத்த பத்தியின் முதல் வாக்கியத்திலேயே ‘இயலாது’ வந்துவிட்டது. நன்றியை நாலு பத்திக்கு நீட்டி, மறுப்பைக் கடைசியில் ஒளித்து வைத்தால், படிப்பவர் மேலே இருப்பதை மட்டும் படித்துவிட்டு வருகிறேன் என்று எடுத்துக்கொண்டுவிடுவார். எனக்கு அப்படியும் நடந்திருக்கிறது. ‘மன்னிக்கவும்’ என்று எங்கும் எழுதவில்லை. மன்னிப்புக் கேட்கும்படி நான் ஒன்றும் செய்யவில்லை. அதை எழுதினால் எதிரில் இருப்பவர் ‘பரவாயில்லை மேடம்’ என்று என்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும்.

ஒரே ஒருவரைத்தான் சொன்னேன். முன்பு நாலைந்து பெயர் கொடுப்பேன், தாராளமாக இருப்பதாக நினைத்து. பட்டியலாகக் கொடுத்தால் யாருக்கு எது தெரியும், யார் வருவார்கள் என்று விசாரிக்கிற வேலை முழுவதும் அவர்கள் தலையில் விழும், கடைசியில் யாரையும் கூப்பிட மாட்டார்கள். ஒருவரைச் சொல்லி, அவர் ஏன் என்று இரண்டு வரி எழுதி, அவர் சம்மதத்தையும் வாங்கிக் கொடுத்தால், அவர்களுக்கு ஒரு போன் பேசுகிற வேலைதான் மிச்சம்.

கூலியைப் பற்றி எழுதியதற்கும் காரணம் இருக்கிறது. சென்னையில் இந்த மாதிரிக் கூட்டங்களில் பேசுபவருக்குப் பொன்னாடையும் நினைவுப் பரிசும் கொடுத்து அனுப்புவார்கள். ஓய்வூதியம் வாங்கும் எனக்கு அது போதும். ஒரு மேஸ்திரியின் ஞாயிற்றுக்கிழமை அப்படி இல்லை, அன்றைக்கும் அவருக்கு வேலை இருக்கும். அவரே வாய் திறந்து கேட்கக் கூச்சப்படுவார். அவர் பெயரைச் சொன்னவள் நான் என்பதால், அதைக் கேட்கும் பொறுப்பும் என்னுடையதுதான்.

செயலாளர் அரை மணி நேரத்தில் கூப்பிட்டார். வருத்தம் குரலில் தெரிந்தது. ‘மேடம், மேஸ்திரி வந்தா ஜனங்க உக்காந்து கேப்பாங்களா? உங்க பேருக்குத்தான் கூட்டம் வரும்’ என்றார். இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். நான் வாதாடவில்லை. ‘சார், உங்க தொட்டி எத்தனை?’ என்று கேட்டேன். நாலு என்றார். ‘அதுல எது வேலை செய்யுது?’ தெரியாது என்றார். ‘அதை அவர் அன்னிக்கு உங்க எல்லாருக்கும் முன்னாடி பக்கெட் தண்ணி ஊத்திச் சொல்லிடுவார். நான் வந்தா ஏரிக் கதைதான் சொல்வேன்.’ அவர் கமிட்டியில் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். மறுநாள் மேஸ்திரியைக் கூப்பிட்டுப் பேசிவிட்டார்.

அதோடு என் வேலை முடிந்துவிட்டது என்று விடவில்லை. அழைப்பிதழ் போகும் முன் ஒருமுறை காட்டுங்கள் என்று கேட்டிருந்தேன். வந்த வாட்ஸப் படத்தில் மேஸ்திரியின் பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் என் பெயரைப் போட்டு ‘அவர்களுக்குப் பதிலாக’ என்று இருந்தது. அவர்கள் கெட்ட எண்ணத்தில் போடவில்லை. முதலில் என் பெயரை நாலு பேரிடம் சொல்லிவிட்டார்கள், அதை விளக்க நினைத்திருக்கிறார்கள். அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன். ‘சிறப்புரை’ என்பதையும் எடுத்துவிட்டு, ‘தொட்டியைத் திறந்து பார்ப்போம்’ என்று போட்டு அவர் பெயரையும் தொழிலையும் எழுதச் சொன்னேன். செயலாளருக்கு அந்தத் தலைப்பு பிடித்துவிட்டது.

கூட்டத்தன்று நான் திருக்கடையூரில் இருந்தேன். இரவு செயலாளர் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டியின் ஓரத்தில் குந்தியிருக்கிறார், சுற்றிலும் ஜனங்கள். பெரியவர்களுக்கு முன்னால் குழந்தைகள் எட்டிப் பார்க்கிறார்கள். முதல் தொட்டியில் ஊற்றிய தண்ணீர் போய்விட்டது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அப்படியே நின்றது. இரண்டாவதில் மேலே இருந்த மணலில் மொட்டைமாடித் தூசி படிந்து தோல்போல் இறுகியிருந்தது. அந்த மேல்மணலை அள்ளி எடுத்துவிட்டு மறுபடி ஊற்றிக் காட்டியிருக்கிறார், இறங்கிவிட்டது. மூன்றாவது அப்படி இல்லை. அது களிமண்ணோடு நின்றுவிட்ட தொட்டி, ஆழப்படுத்தி உறை இறக்கினால்தான் உண்டு, சுத்தம் செய்து பயன் இல்லை என்று சொல்லியிருக்கிறார். நாலாவதற்கு மாடியிலிருந்து குழாயே வரவில்லை. யாரோ வீட்டு வேலை நடந்தபோது கழற்றிவிட்டிருக்கிறார்கள். என்னிடம் கேட்டிருந்தால் நாலுக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

ஒரு குறை இருந்தது. கடைசியில் அவரை மேடையில் உட்காரவைத்து இரண்டு வார்த்தை பேசச் சொல்லிவிட்டார்களாம். மைக்கைக் கையில் வாங்கியவர் ‘வணக்கம்’ என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டார். இதை அவரே மறுநாள் போனில் சொன்னார். மைக் வேண்டாம் என்று நான் எழுதியதைச் செயலாளர் மறக்கவில்லை, கமிட்டியில் வேறு ஒருவர் மரியாதை செய்வதாக நினைத்துக் கூப்பிட்டிருக்கிறார். அடுத்த முறை யாரையாவது இப்படி அனுப்பினால், நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குபவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன். கூலி வந்ததா என்று கேட்டேன். கவரில் வைத்துக் கொடுத்தார்கள், பொன்னாடையும் போட்டார்கள் என்றார்.

ஐப்பசி மழைக்கு முன்னால் அந்தச் சங்கம் இரண்டாவது தொட்டியின் மணலை மாற்றி, நாலாவதற்குக் குழாயை மறுபடி இணைத்துவிட்டது. மூன்றாவதற்கு மேஸ்திரியிடமும் வேறு இரண்டு பேரிடமும் விலை கேட்டிருப்பதாகச் செயலாளர் சொன்னார். பேச்சோடு பேச்சாக, ‘தை மாசம்னு எழுதியிருந்தீங்களே மேடம்’ என்றார். தேதி கேட்டேன். பொங்கல் கழிந்து இரண்டாவது ஞாயிறு. சரி என்று அப்போதே சொல்லிவிட்டேன்.